லூயி அமிலம், லூயி காரம்: BF₃-உம் NH₃-உம் சேரும்போது எழும் சந்தேகங்கள்

பிளஸ் டூ மாணவர்களும் கல்லூரி முதலாண்டு மாணவர்களும் லூயி கொள்கைக்கு வந்ததும் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். முடிந்தவரை ஒரே வினையை, அதாவது போரான் ட்ரைபுளூரைடும் அம்மோனியாவும் சேருவதை, வைத்தே பதில் சொல்கிறேன். இந்த ஒன்று சரியாகப் புரிந்தால் மற்றதெல்லாம் அதிலிருந்தே வந்துவிடும்.

1. BF₃-இல் ஹைட்ரஜனே இல்லையே, அப்புறம் அது எப்படி அமிலம்?

லௌரி–பிரான்ஸ்டெட் கொள்கைப்படி அது அமிலம் இல்லைதான். அங்கே அமிலம் என்றால் புரோட்டானைக் கொடுப்பது, காரம் என்றால் புரோட்டானை வாங்கிக்கொள்வது. கொடுக்க H⁺ இல்லாத ஒன்றை அங்கே அமிலம் என்று சொல்ல வழியில்லை. லூயி வேறொன்றைப் பார்த்தார்: எலக்ட்ரான் இரட்டையை யார் தருகிறார், யார் ஏற்கிறார். ஏற்பது அமிலம், தருவது காரம்.

போரானுக்கு வெளிக்கூட்டில் மூன்று எலக்ட்ரான்கள். மூன்றும் மூன்று ஃபுளூரினோடு பிணைப்பில் போய்விடுகின்றன. ஆக போரானைச் சுற்றி ஆறு எலக்ட்ரான்கள்தான், எட்டு இல்லை. மூலக்கூறு தட்டையான முக்கோணம். அந்தத் தளத்துக்குச் செங்குத்தாக போரானில் ஒரு 2p ஆர்பிட்டால் கிட்டத்தட்ட காலியாக இருக்கிறது. வெளியிலிருந்து ஓர் எலக்ட்ரான் இரட்டை வந்து உட்கார இடம் அதுதான். BF₃-இன் அமிலத்தன்மை முழுவதும் இந்தக் காலி இடத்தில் இருக்கிறது.

இரண்டு கொள்கைகளும் 1923-இல்தான் வெளிவந்தன: டென்மார்க்கில் பிரான்ஸ்டெட், இங்கிலாந்தில் லௌரி, அமெரிக்காவில் கில்பர்ட் லூயி. லூயியின் வரையறை அப்போது பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. 1938-இல் அவரே அதை விரிவாக மறுபடி எழுதிய பிறகுதான் பரவியது.

2. அம்மோனியா ரெண்டு கொள்கையிலயும் காரம்தானே? அப்போ வித்தியாசம் எங்கே?

அம்மோனியாவை அப்படியே வைத்துக்கொண்டு எதிரே இருப்பதை மட்டும் மாற்றிப் பாருங்கள். முதலில் HCl வாயு. இரண்டும் கலக்கும் இடத்தில் வெள்ளைப் புகை எழும்; அது அம்மோனியம் குளோரைடு. இங்கே HCl-இலிருந்து புரோட்டான் கிளம்பி நைட்ரஜனிடம் வந்துவிட்டது. NH₄⁺ ஒரு பக்கம், Cl⁻ ஒரு பக்கம் என்று அயனிகள் கிடைக்கின்றன.

அடுத்தது BF₃ வாயு. இங்கேயும் வெள்ளைத் திண்மம்தான் வருகிறது, ஆனால் எந்த அணுவும் ஒரு மூலக்கூறிலிருந்து இன்னொன்றுக்குத் தாவவில்லை. நைட்ரஜனின் தனித்த எலக்ட்ரான் இரட்டை போரானின் காலி இடத்தில் நீண்டு பிணைப்பாகிறது, இரண்டு மூலக்கூறு ஒன்றாகிறது, அவ்வளவுதான்: H₃N + BF₃ → H₃N·BF₃. துணை விளைபொருள் எதுவும் கிடையாது. இப்படிச் சேர்ந்து வருவதைச் சேர்க்கைப் பொருள் என்கிறோம். கே-லூசாக் 1809-லேயே இதைத் தயாரித்துவிட்டார். அதை அமில-கார வினை என்று சொல்ல இன்னும் நூறு ஆண்டுக்கு மேல் ஆகவேண்டியிருந்தது.

கவனிக்க வேண்டியது, இரண்டு வினையிலும் அம்மோனியா செய்வது ஒன்றேதான். அதே இரட்டையைத்தான் நீட்டுகிறது. ஒருமுறை H⁺-க்கு, ஒருமுறை போரானுக்கு. அதனால்தான் புரோட்டானை வாங்கும் காரம் எதுவானாலும் அது லூயி காரமாகவும் இருக்கும். அமிலங்களின் பக்கம் அவ்வளவு எளிதாக இல்லை, அதை 8-ஆம் கேள்வியில் பார்க்கலாம்.

3. NH₃-ல மூணு H இருக்கே, அதுல ஒண்ணு ஃபுளூரின்கூட போய் HF வராதா?

சாதாரண வெப்பநிலையில் வராது. சேர்க்கைப் பொருள் உருவாவதோடு வினை நின்றுவிடும். ஆனால் சந்தேகத்தில் பாதி நியாயம் இருக்கிறது: அந்தத் திண்மத்தைச் சூடாக்கினால் ஹைட்ரஜனும் ஃபுளூரினும் உண்மையாகவே இடம் மாறுகின்றன. போரான் நைட்ரைடும் அம்மோனியம் டெட்ராபுளூரோபோரேட்டும் கிடைக்கின்றன:

4 H₃N·BF₃ → BN + 3 NH₄BF₄

இந்தச் சமன்பாட்டில் NH₄⁺ இருப்பதைப் பாருங்கள். புரோட்டான் இடமாற்றம் இங்கே வந்துவிட்டது, ஆனால் சூடாக்கிய பிறகு, இரண்டாம் கட்டமாக. தேர்வில் BF₃ + NH₃ என்று கேட்டால் முதல் கட்டத்தைத்தான் கேட்கிறார்கள், HF எழுதிவிடாதீர்கள்.

4. சேர்ந்த பிறகு வடிவம் மாறுமா, அப்படியே ஒட்டிக்கொள்ளுமா?

நன்றாகவே மாறும், அதுவும் போரான் பக்கத்தில். தனியாக இருக்கும்போது BF₃ தட்டையானது, கோணம் 120°, B–F நீளம் சுமார் 1.31 Å. அம்மோனியா வந்ததும் மூன்று ஃபுளூரினும் அதற்கு எதிர்ப்பக்கமாக மடங்குகின்றன, போரானைச் சுற்றி நான்முகி வடிவம் வருகிறது, F–B–F கோணம் 111° பக்கமாகக் குறைகிறது, B–F நீளமும் 1.38 Å அளவுக்குப் போகிறது. sp² போய் sp³ ஆனது என்று பாடத்தில் ஒரு வரியில் எழுதுவது இதைத்தான். B–F நீள்கிறது என்பதை நினைவில் வையுங்கள், அது ஏன் என்பதில்தான் 7-ஆம் கேள்விக்கு விடை இருக்கிறது.

புதிய B–N பிணைப்பின் நீளம் படிகத்தில் 1.60 Å, தனி மூலக்கூறாக வாயு நிலையில் அளந்தால் 1.67 Å. சாதாரண C–C பிணைப்பு நிலையை மாற்றியதால் இப்படிச் சுருங்கி விரியாது. இதைவிட அதிகமான வேறுபாடு அசிட்டோநைட்ரைலும் BF₃-உம் சேர்ந்த பொருளில் இருக்கிறது: வாயுவில் 2.01 Å, படிகத்தில் 1.63 Å. ஒரே சேர்க்கைப் பொருள் ஓரிடத்தில் லேசாக ஒட்டிக்கொண்டும் இன்னோர் இடத்தில் முழுப் பிணைப்பாகவும் இருக்கிறது. படிகத்தில் பக்கத்து மூலக்கூறுகளின் மின்புலம் N-இலிருந்து B-க்கு எலக்ட்ரான் நகர்வதற்குத் துணை செய்வதுதான் காரணம். பிணைப்பு உண்டா இல்லையா என்று இரண்டே பதில் வைத்துப் பார்த்தால் இது பிடிபடாது.

5. அம்புக்குறி போடணுமா, + − போடணுமா? ரெண்டு புத்தகத்துல ரெண்டு விதமா இருக்கு

இரண்டும் சரி. H₃N→BF₃ என்பது இரட்டை எங்கிருந்து வந்தது என்று சொல்கிறது. H₃N⁺–B⁻F₃ என்பது முறைசார் மின்சுமையைக் காட்டுகிறது. இரண்டையும் ஒரே படத்தில் போடக்கூடாது, ஒரே செய்தியை இரண்டு முறை சொன்னதாகிவிடும்.

அந்த + − குறிகளைப் பார்த்துவிட்டு இது NH₄Cl போன்ற அயனிச் சேர்மம் என்று நினைப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. முறைசார் மின்சுமை என்பது பிணைப்பின் இரட்டையைச் சரிபாதியாகப் பிரித்துப் போடும் ஒரு கணக்கு. மூன்று ஃபுளூரின் இழுத்துக்கொண்டிருக்கும் போரானில் உண்மையில் எதிர்மின்சுமை குவிந்திருக்காது. ஆனால் மூலக்கூறு முழுவதுமாகப் பார்த்தால் மின்னேற்றம் நகர்ந்திருப்பது நிஜம்: BF₃-இன் இருமுனைத் திருப்புத்திறன் பூஜ்யம், NH₃-க்கு 1.47 டெபை, சேர்க்கைப் பொருளுக்கு ஏறக்குறைய 5.9 டெபை.

6. N எலக்ட்ரானைக் குடுத்துடுச்சு, B வாங்கிடுச்சு. இது ஆக்சிஜனேற்ற ஒடுக்க வினை ஆகாதா?

ஆகாது. நைட்ரஜன் எலக்ட்ரானைக் கைவிடவில்லை, பகிர்ந்துகொள்கிறது. ஆக்சிஜனேற்ற எண்ணைப் போட்டுப் பாருங்கள்: வினைக்கு முன் N −3, B +3. B–N பிணைப்பின் இரட்டையை எலக்ட்ரான் கவர்தன்மை கூடிய நைட்ரஜன் கணக்கில் சேர்ப்போம், அதனால் பின்னும் N −3, B +3. எதுவும் மாறவில்லை. லூயி வினையில் இரட்டை இரட்டையாகவே இருக்கும், கொடுத்தவரும் அதை வைத்திருப்பார்.

7. ஃபுளூரின்தானே ரொம்ப இழுக்கும், அப்போ BCl₃, BBr₃-ஐ விட BF₃ வலுவான லூயி அமிலம்தானே?

கேட்க நியாயமாக இருக்கிறது, ஆனால் அம்மோனியா, பிரிடீன் போன்ற வலுவான காரங்களோடு அளந்தால் வரிசை தலைகீழ்: BF₃ < BCl₃ < BBr₃. பிரவுனும் ஹோம்ஸும் 1956-இல் பிரிடீனோடு இவை மூன்றும் சேரும்போது வெளிவரும் வெப்பத்தை அளந்து இதைக் காட்டினார்கள்.

காரணம் பெரும்பாலும் இப்படிச் சொல்லப்படும். போரானின் காலி 2p ஆர்பிட்டால் உண்மையில் முழுக் காலி இல்லை. ஒவ்வொரு ஃபுளூரினிடமும் மூன்று தனித்த இரட்டைகள் இருக்கின்றன, அவற்றில் சரியான திசையில் இருப்பவை போரானின் காலி இடத்துக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்கின்றன. ஃபுளூரினும் போரானும் ஒரே வரிசைத் தனிமங்கள், இரண்டும் 2p, அளவு ஒத்துப்போவதால் மேற்பொருந்துதலும் நன்றாக இருக்கும். 1.31 Å என்ற குட்டையான B–F நீளத்துக்கு இதுவும் ஒரு காரணம். அம்மோனியா உள்ளே வரவேண்டும் என்றால் இந்த ஏற்பாட்டைக் கலைக்க வேண்டும், தட்டையான மூலக்கூறை மடக்க வேண்டும். அதற்கு ஆகும் ஆற்றல் பிணைப்பால் கிடைக்கும் ஆதாயத்திலிருந்து கழிகிறது. குளோரினில் 3p, புரோமினில் 4p. பெரிய ஆர்பிட்டால்கள், பொருத்தம் குறைவு, இழப்பதும் குறைவு.

தேர்வுக்கு இந்த விடை போதும். ஆனால் முழுக்கதை இதுதான் என்று நான் சொல்லமாட்டேன். கணினிவழிக் கணக்கீடுகள் செய்த பலர் BCl₃-இல் ஏற்பு ஆர்பிட்டாலின் ஆற்றல் தாழ்வாக இருப்பதாகவும், அம்மோனியாவோடு அது உருவாக்கும் பிணைப்பே இயல்பில் வலுவானது என்றும் காட்டியிருக்கிறார்கள். வரிசை சோதனையில் உறுதியானது, காரணத்தில்தான் வாதம்.

8. அப்போ HCl லூயி அமிலமா, இல்லையா?

இங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். H⁺ சந்தேகமில்லாமல் லூயி அமிலம். அதன் 1s காலி. ஆனால் HCl மூலக்கூறில் ஹைட்ரஜனுக்கு ஏற்கனவே இரண்டு எலக்ட்ரான்கள் இருக்கின்றன, காலி இடம் இல்லை. BF₃ போல் ஓர் இரட்டையை அப்படியே சேர்த்துக்கொள்ள அதனால் முடியாது.

லூயி பார்வையில் HCl என்பது H⁺ என்ற அமிலமும் Cl⁻ என்ற காரமும் ஏற்கனவே சேர்ந்திருக்கும் பொருள். அம்மோனியா வரும்போது அது Cl⁻-ஐத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடிக்கிறது. ஆக புரோட்டான் இடமாற்றம் எல்லாமே ஒரு லூயி காரம் இன்னொரு லூயி காரத்தை H⁺-இலிருந்து வெளியேற்றுவதுதான். லௌரி–பிரான்ஸ்டெட் கொள்கையில் எப்போதும் இரண்டு அமிலம், இரண்டு காரம் என்று இணைகளாக வருகிறதே, அதற்குக் காரணம் இந்தப் போட்டி. BF₃ + NH₃-இல் வெளியேற யாரும் இல்லை, அதனால் அங்கே இணை அமிலம், இணை காரம் என்ற பேச்சே எழுவதில்லை. "BF₃-இன் இணை காரம் எது" என்று யாராவது கேட்டால் கேள்வியே தவறு.

9. போரிக் அமிலத்துல மூணு OH இருக்கு, ஆனா ஒரு காரத்துவ அமிலம்னு போட்டிருக்கு. ஏன்?

கேரம் பலகையில் தூவுகிறோமே, அந்த போரிக் பவுடர்தான் இது, B(OH)₃. இங்கேயும் போரானைச் சுற்றி ஆறு எலக்ட்ரான்கள், இங்கேயும் காலி இடம். தண்ணீரில் போட்டதும் அது தன்னுடைய O–H-ஐ உடைத்து H⁺ தருவதில்லை. நீரின் ஆக்சிஜனிலிருந்து ஓர் இரட்டையை ஏற்கிறது, அப்படிப் பிடிபட்ட நீர் மூலக்கூறு தன் புரோட்டானை இன்னொரு நீருக்குக் கொடுக்கிறது:

B(OH)₃ + 2 H₂O ⇌ [B(OH)₄]⁻ + H₃O⁺

ஒரு காலி இடம், ஒரு OH⁻, ஒரு புரோட்டான். அதனால் ஒரு காரத்துவ அமிலம். முதல் கட்டம் லூயி, அடுத்தது லௌரி–பிரான்ஸ்டெட். pKa சுமார் 9.2, மிகவும் வலு குறைந்தது, அதனால் ஃபீனால்ஃப்தலீன் வைத்து NaOH-ஓடு தரம் பார்த்தால் முடிவுநிலை தெளிவாக வராது, நிறம் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகும். மேனிட்டால் சேர்த்தால் அது போரேட்டோடு வளையமாகப் பிணைந்து சமநிலையை வலப்பக்கம் இழுக்கும், அப்போது முடிவுநிலை கூர்மையாக வரும்.

10. BF₃-ல ஈரமான லிட்மஸ் வெச்சா சிவப்பாகுமே? அப்போ அது சாதாரண அமிலம்தானே?

சிவப்பாக்குவது BF₃ இல்லை, BF₃-உம் நீரும் சேர்ந்து உண்டாக்கிய புரோட்டான். முந்தைய விடையில் சொன்ன அதே பாதைதான், இன்னும் வேகமாக: நீர் போரானோடு ஒட்டுகிறது, புரோட்டான் வெளியேறுகிறது, கடைசியில் டெட்ராபுளூரோபோரிக் அமிலமும் போரிக் அமிலமும் மிஞ்சுகின்றன, 4 BF₃ + 3 H₂O → 3 HBF₄ + B(OH)₃. ஈரக்காற்றில் BF₃ புகைவதும் இதனால்தான். இது நச்சு வாயு, நுரையீரலின் ஈரத்திலும் இதே வினை நடக்கும். வெளியேற்றும் அமைப்புள்ள புகைக்கூண்டு இல்லாமல் தொடக்கூடாத பொருள்.

ஆய்வகத்தில் இதைக் கையாளும் விதமே லூயி வேதியியல்தான். −100 °C-இல் கொதிக்கும் வாயுவைச் சிலிண்டரில் வைத்துத் திண்டாடாமல், டைஎத்தில் ஈதரோடு சேர்த்து BF₃·OEt₂ என்ற திரவமாக வாங்குகிறார்கள். அது 126 °C பக்கம் கொதிக்கும். ஈதர் அம்மோனியாவைவிட வலு குறைந்த காரம், அதனால் அமீன் எதையாவது சேர்த்தால் ஈதரை விட்டுவிட்டு BF₃ அதனிடம் போய்விடும். புட்டியில் ஈரம் புகுந்து நாள்பட்டால் திரவம் பழுப்பாகும். அந்த நிறத்தைப் பார்த்தால் மறுபடி வாலை வடித்துவிட்டுத்தான் பயன்படுத்துவார்கள். அப்படியே போட்டால் உங்கள் வினையை BF₃ நடத்தியதா, உள்ளே உருவான புரோட்டான் அமிலம் நடத்தியதா என்று சொல்ல முடியாது.

11. ஒரே வினையில அம்மோனியா ரெண்டு வேலையும் பண்ணுமா?

பண்ணும், நீங்களே உப்புப் பகுப்பாய்வில் பார்த்திருப்பீர்கள். காப்பர் சல்ஃபேட் கரைசலில் அம்மோனியாக் கரைசலைச் சில சொட்டு விட்டால் வெளிர்நீல வீழ்படிவு வரும். அங்கே அம்மோனியா நீரிடமிருந்து புரோட்டானை வாங்கி OH⁻-ஐ விடுவிக்கிறது, அது காப்பரை வீழ்படிவாக்குகிறது. தொடர்ந்து அதிகமாக விட்டால் வீழ்படிவு கரைந்து ஆழ்ந்த நீலம் வரும். இப்போது அம்மோனியா Cu²⁺-க்கு நேரடியாக இரட்டையைத் தருகிறது, [Cu(NH₃)₄]²⁺ உருவாகிறது. முதல் நிறத்தில் லௌரி–பிரான்ஸ்டெட் காரம், இரண்டாம் நிறத்தில் லூயி காரம். நேர்மின் உலோக அயனிகள் லூயி அமிலமா என்று தனியாகக் கேட்பவர்களுக்கும் இதுவே விடை.

12. லூயி கொள்கை எல்லாத்தையும் சொல்லிடுதுன்னா, pKa மாதிரி ஒரே பட்டியல் ஏன் இல்லை?

புரோட்டான் வினைகளில் எதிரே இருப்பது எப்போதும் அதே H⁺. அது மிகச் சிறியது, எந்த இடுக்கிலும் நுழையும். அதனால் நீரில் எல்லாக் காரத்தையும் ஒரே அளவுகோலில் அடுக்கலாம். pH, தாங்கல் கரைசல், தரம்பார்த்தல் எல்லாவற்றுக்கும் லௌரி–பிரான்ஸ்டெட் கொள்கையே இன்றும் வசதி, அதை யாரும் கைவிடவில்லை. லூயி அமிலங்களோ அளவிலும் வடிவத்திலும் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. அமிலத்தை மாற்றினால் காரங்களின் வரிசையும் மாறிவிடும்.

எச். சி. பிரவுன் குழு 1942-இல் வெளியிட்ட ஒரு சோதனை இதைத் தெளிவாகக் காட்டும். 2,6-லூட்டிடீன் என்பது பிரிடீனின் நைட்ரஜனுக்கு இருபக்கமும் ஒரு மெத்தில் தொகுதி வைத்த மூலக்கூறு. புரோட்டானோடு பார்த்தால் இது பிரிடீனைவிட வலுவான காரம்: இணை அமிலத்தின் pKa பிரிடீனுக்கு 5.2, இதற்கு 6.7 அளவில். BF₃-ஓடும் சேர்ந்துவிடுகிறது. ஆனால் ட்ரைமெத்தில்போரானோடு பிரிடீன் சேர, லூட்டிடீன் சேரவே இல்லை. போரானின் மெத்தில்களும் லூட்டிடீனின் மெத்தில்களும் இடித்துக்கொள்கின்றன, இரட்டை இருக்கிறது, காலி இடமும் இருக்கிறது, நெருங்க வழிதான் இல்லை. இந்தச் சிக்கலால்தான் லூயி காரங்களின் வலிமையைச் சொல்லும்போது எந்த அமிலத்தை வைத்து அளந்தது என்பதையும் சேர்த்துச் சொல்கிறார்கள்; BF₃-ஐ வைத்து அளந்த பட்டியல் தனியாகவே உண்டு.

13. சேர முடியாத லூயி அமிலமும் காரமும் சும்மா பக்கத்துல பக்கத்துல இருக்குமா?

பல பத்தாண்டுகள் அப்படித்தான் நினைத்தார்கள். கனடாவில் டக்ளஸ் ஸ்டீபன் குழு 2006-இல் ஒரே மூலக்கூறில் ஒரு பாஸ்பரஸையும் ஒரு போரானையும் வைத்தது. இரண்டைச் சுற்றியும் பருத்த தொகுதிகள், 12-ஆம் கேள்வியின் லூட்டிடீன் போலவே ஒன்றையொன்று தொட முடியாத நிலை. அந்தச் சேர்மம் அறைவெப்பநிலையில் ஹைட்ரஜன் வாயுவை, H₂-ஐ, இரண்டாகப் பிளந்தது, சூடாக்கியபோது திருப்பித் தந்தது. இடைநிலை உலோகங்களின் வேலை என்று கருதப்பட்டதை அவை இல்லாமலே செய்த சேர்மம் அது.

பிளந்த விதத்தைப் பாருங்கள். இரட்டை வைத்திருக்கும் பாஸ்பரஸ் H⁺-ஐ எடுத்துக்கொண்டது, காலி இடம் வைத்திருக்கும் போரான் H⁻-ஐ எடுத்துக்கொண்டது. BF₃-உம் NH₃-உம் நேராகச் செய்துகொள்ளும் கொடுக்கல் வாங்கலை இவை நடுவில் ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறை வைத்துச் செய்கின்றன.